அறிமுகக் குறிப்பில் எழுத்து வழக்கா, பேச்சு வழக்கா: ஒரு தையல்காரரின் குறிப்பை வைத்து முழுமையான வழிகாட்டி

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி 12 ஆண்டுகளாக வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொடுக்கிறார். மாலையில் சிலருக்குத் தையல் சொல்லிக்கொடுக்கவும் செய்கிறார். அக்கம்பக்கத்துக்கு வெளியிலிருந்தும் ஆட்கள் வரட்டும் என்று கைபேசியில் தம்மைப் பற்றி நான்கு வரி எழுத விரும்பினார். அவர் எழுதிய வரைவும் அவருடைய மகள் எழுதிய வரைவும் ஒரே நாளில் என் கைக்கு வந்தன.

அம்மா எழுதியது இது: "இவர் கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாக மகளிர் ஆடை வடிவமைப்புத் துறையில் பணியாற்றி வரும் தலைசிறந்த தையற்கலைஞர் ஆவார். ரவிக்கை தைத்தல், ஆரி வேலைப்பாடு ஆகியவற்றில் கைதேர்ந்தவர். பயிற்சி பெற விரும்புவோர் அணுகவும்."

மகள் எழுதியது இது: "வணக்கம் மக்களே! நான் பன்னெண்டு வருஷமா ஜாக்கெட் தைக்கிறேன். ஆரி ஒர்க்கும் பண்ணுவேன். கிளாஸும் எடுக்குறேன். கத்துக்கணும்னா வாங்க!"

முதலாவதைப் படிப்பவருக்கு ஒரு பாராட்டு விழா அழைப்பிதழ் நினைவுக்கு வரும். இரண்டாவதைப் படிப்பவருக்கு ஒரு காணொளியின் முதல் பத்து நொடி நினைவுக்கு வரும். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கலாமா என்று யோசிக்கும் ஒருவருக்கு இரண்டுமே முழுமையாகப் பயன்படவில்லை. இந்த நான்கு வரியைத் திருத்திய வழியையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: பேசுபவர் யார் என்று முடிவு செய்தல்

எழுத்து வழக்கா பேச்சு வழக்கா என்ற கேள்விக்கு முன்னால் தீர்க்க வேண்டியது, குறிப்பில் பேசுபவர் "நான்" என்பவரா, "இவர்" என்று சுட்டப்படுபவரா என்பதுதான். ஆண்டு மலரிலோ நிகழ்ச்சி அழைப்பிதழிலோ நம்மைப் பற்றி மற்றவர் எழுதுவதாகத்தான் குறிப்பு அமையும். அங்கே "இவர்" பொருந்தும், எழுத்து வழக்கும் தானாகவே வந்துவிடும். நம் பெயரும் படமும் உள்ள நம் சொந்தப் பக்கத்தில் நம்மையே "இவர்" என்று எழுதி, அதன் பின்னால் "தலைசிறந்த" என்றும் சேர்த்தால், புகழ்பவரும் புகழப்படுபவரும் ஒருவரே என்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. எழுத்து வழக்கில் "இவர்" என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான மரியாதைச் சொல். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் அந்தப் பொதுமை கிடையாது. ஆணென்றால் "இவரு", பெண்ணென்றால் பெரும்பாலும் "இவங்க". ஆகவே "இவர்" என்று தொடங்கிய குறிப்பை அப்படியே பேச்சுக்கு மாற்ற முயல்பவர், எழுத்தில் சொல்லாமல் விட்டிருந்த ஒன்றைச் சொல்லியே தீர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்வார். படர்க்கைக் குறிப்பை எழுத்து வழக்கிலேயே விட்டுவிடுவது நல்லது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

"நாங்கள்" என்பதையும் எண்ணிப் பார்த்தே எழுத வேண்டும். ஒருவரே தைக்கும் இடத்தில் "எங்களிடம் அனைத்து வகை ஜாக்கெட்டுகளும் தைத்துத் தரப்படும்" என்று எழுதினால், நேரில் வருபவர் நான்கு தையல் மிஷினையும் நான்கு ஆட்களையும் எதிர்பார்ப்பார். நம் பெண்மணிக்குப் பொருந்தியது "நான்". அந்தச் சொல்லைக்கூட எழுத வேண்டியதில்லை. "தைக்கிறேன்" என்ற வினையின் விகுதியே பேசுபவரைச் சொல்லிவிடுகிறது.

இரண்டாம் படி: சொல்லையும் விகுதியையும் தனித்தனியாகப் பார்த்தல்

பலர் தடுமாறுவது இங்கேதான். எழுத்து வழக்கு என்றதும் அருஞ்சொல் வேண்டும் என்றும், பேச்சு வழக்கு என்றதும் விகுதியைச் சிதைக்க வேண்டும் என்றும் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் இவை இரண்டும் வேறு வேறு முடிவுகள். ஒரு வாக்கியம் எழுத்தா பேச்சா என்று தமிழ்க் காதுக்குத் தெரிவிப்பது பெரும்பாலும் வினைமுற்றின் விகுதியும் சில உருபுகளும்தான்: செய்கிறேன், செய்றேன், வந்தார்கள், வந்தாங்க, வேண்டும், வேணும், வீட்டில், வீட்ல. ஒரு வாக்கியம் படிப்பவருக்கு நெருக்கமாக இருக்கிறதா, தள்ளி நிற்கிறதா என்பதைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் பெயர்ச்சொற்களும், எந்த வினையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும்.

"கற்பிக்கிறேன்", "பயிற்றுவிக்கிறேன்", "சொல்லிக்கொடுக்கிறேன்" ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மூன்றும் எழுத்து வழக்கின் விகுதியைக் கொண்டவை. இலக்கணப்படி மூன்றிலும் பிழையில்லை. ஆனால் மூன்றாவது, வீட்டில் அன்றாடம் புழங்கும் சொல். அதை எழுதியவர் விகுதியைச் சிதைக்காமலே வாசகரின் அருகில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். உள்ளூர் வாசகருக்கான குறிப்புக்கு நான் முதலில் முயன்று பார்க்கும் கலவை இதுதான்: சொல் அன்றாடச் சொல்லாகவும் விகுதி எழுத்து விகுதியாகவும் இருப்பது.

பெயர்ச்சொற்களில் நான் இன்னும் கறாராக இருப்பேன். அம்மா "ரவிக்கை" என்று எழுதியிருந்தார். அவரிடம் துணி கொடுக்க வருபவர்களில் ஒருவர்கூட அந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். அவர்கள் சொல்வது "ஜாக்கெட்". இளையவர்கள் "பிளவுஸ்" என்கிறார்கள். தேடுபொறியில் தட்டச்சு செய்பவரும் தம் வாயில் வரும் பெயர்ச்சொல்லைத்தான் தட்டுவார். வினைமுற்றை யாரும் தேடுவதில்லை. ஆகவே தொழிலின் பெயர்ச்சொற்கள் வாடிக்கையாளர் வாயில் இருப்பவையாகவே இருக்கட்டும்: ஜாக்கெட், அளவு ஜாக்கெட், லைனிங், ஆரி வேலை, தையல் மிஷின். அவற்றைத் தாங்கும் வாக்கியம் எழுத்து வழக்கில் இருந்தால், கடன் சொற்கள் இருந்தும் குறிப்பு கண்ணியமாகவே நிற்கும்.

சில சொற்களுக்கு இரண்டல்ல, மூன்று படிகள் உண்டு. "ஆண்டு" மேடைக்குரியது, "வருஷம்" வாய்க்குரியது, "வருடம்" இரண்டுக்கும் நடுவில் நிற்பது. இத்தகைய நடுச்சொல் கிடைக்கும்போதெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். புணர்ச்சியும் இப்படித்தான்: "தையற்கலை" என்று சேர்த்தால் ஒரு படி உயர்கிறது, "தையல் கலை" என்று பிரித்தால் இறங்கிவிடுகிறது. "ஆவார்", "ஆவேன்" என்பவற்றை எந்தப் படியிலும் எடுத்துவிடலாம். "நான் தையல் ஆசிரியை" என்பதே தமிழில் முழு வாக்கியம். எழுத்து வழக்கைத் தேர்ந்தால் ஒற்றுகளைச் சரியாக இட வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்; "கற்று கொடுக்கிறேன்" என்று ஒற்றை விட்டு எழுதுவது உயர்ந்த சட்டையில் பொத்தானை மாற்றிப் போட்டதைப் போலக் கண்ணை உறுத்தும்.

மூன்றாம் படி: பேச்சு வழக்குக்கு ஓர் இடம் ஒதுக்குதல்

பேச்சு வழக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குரிய இடம், குறிப்பு தகவல் சொல்வதை நிறுத்திவிட்டு வாசகரை நேராக அழைக்கத் தொடங்கும் இடம். என்ன செய்கிறேன், எத்தனை வருடமாகச் செய்கிறேன், எப்போது இருப்பேன் என்பவை தகவல். அவற்றை எழுத்து வழக்கில் சொல்லலாம். "வாங்க" என்பது அழைப்பு. வாசலில் நின்று அழைப்பவர் யாரும் "வாருங்கள்" என்று உச்சரிப்பதில்லை என்பதால், அந்த ஒரு வரி பேச்சில் இருந்தால் அங்கே ஒரு மனிதக் குரல் கேட்கிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மாற்றம் வாக்கியத்தின் எல்லையில்தான் நிகழ வேண்டும், வாக்கியத்துக்கு உள்ளே நிகழக் கூடாது. "12 வருடங்களாக ஜாக்கெட் தைத்து வருகிறேன், ஆரி வேலையும் பண்றேன்" என்று எழுதினால் பாதியில் குரல் மாறியதாகவே கேட்கும். படிப்பவருக்கு இது கவனக்குறைவாகத் தெரியுமே தவிர நெருக்கமாகத் தெரியாது. "தைத்து வருகிறேன்" என்பதை ஒரு முற்றுப்புள்ளியோடு முடித்துவிட்டு, அடுத்த வரியை முழுவதுமாகப் பேச்சில் எழுதினால் அந்தக் குறை வராது.

"அணுகவும்", "தொடர்புகொள்ளவும்" என்ற "-உம்" முடிவு மூன்றாவது வகை. அதில் பேசுபவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. அது அறிவிப்புப் பலகையின் குரல். பலகையில் அது பொருத்தமே. "நான்" என்று பேசும் குறிப்பின் முடிவில் அது வந்தால், இதுவரை பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து உள்ளே போய்விட்டதைப் போல இருக்கும்.

நான்காம் படி: பேச்சை எழுத்தில் கொண்டுவருதல்

பேச்சுத் தமிழுக்கு எல்லோரும் ஏற்ற எழுத்துக்கூட்டல் கிடையாது. நாம் பள்ளியில் கண் பழகியதெல்லாம் எழுத்து வழக்கின் சொல்லுருவங்கள். ஆகவே பேச்சை ஒலித்தபடியே எழுதினால் வாசகர் ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்த பிறகே புரிந்துகொள்கிறார். அதைவிடப் பெரிய சிக்கல், ஒலித்தபடி எழுதிய சொல் வேறொரு சொல்லோடு மோதிக்கொள்வது.

மகளின் வரைவில் இருந்த "கத்துக்கணும்னா" என்பதில் "கத்து" என்ற உருவம் "கூச்சலிடு" என்பதற்கும் உரியது. சூழலை வைத்துப் புரிந்துகொள்ளலாம் என்றாலும், தையல் வகுப்பைப் பற்றிய வரியில் அந்தச் சிரிப்பு தேவையில்லை. "துணியை" என்பதைப் பேசுவது போலவே "துணிய" என்று எழுதினால், அது துணிவு கொள்வதைச் சொல்லும் வினையெச்சமாகவும் படும். "என்னை" என்பதை "என்ன" என்று எழுதினால் கேள்வியாகிவிடும். "வந்தா" என்பது "வந்தால்" என்பதா, "வந்தாள்" என்பதா என்று எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் வேடிக்கையானது "வாங்க". மரியாதையாக அழைக்கும் சொல்லும் அதுவே, "விலைக்கு வாங்குவதற்கு" என்ற பொருள் தரும் எச்சமும் அதுவே. மகள் முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்ட ஒரு வரி "ஜாக்கெட் தைச்சு வாங்க" என்பது. தைத்து எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறாரா, தைத்துப் பெற்றுக்கொள்வதைச் சொல்கிறாரா என்று நான் இரண்டு முறை படித்தேன்.

இவற்றைத் தவிர்க்க நான் கடைப்பிடிக்கும் முறை எளிது. வினைமுற்றுகளையும் "வேணும்", "இல்ல", "இருந்தா" போன்ற சிறு சொற்களையும் மட்டும் பேச்சு உருவத்தில் எழுதுவேன். பெயர்ச்சொற்களை எழுத்து உருவத்திலேயே விட்டுவிடுவேன். "வேலை", "சேலை", "உதவி", "இடம்" என்றே எழுதினால் போதும். படிப்பவர் தம் வாய்க்கு ஏற்றபடி "வேல", "ஒதவி", "எடம்" என்று தாமே ஒலித்துக்கொள்வார். இரண்டாம் வேற்றுமையின் "ஐ" மோதலை உண்டாக்கும் இடங்களில் அதை விட்டே விடலாம்; பேச்சில் அஃறிணைப் பொருளுக்கு அது பெரும்பாலும் வருவதில்லை. "துணி எடுத்துட்டு வாங்க" என்பது முழுமையான வரிதான். "வாங்க" என்பதற்கு முன்னால் "எடுத்துட்டு" போன்ற ஒரு சொல் வந்து பொருளைக் கட்டிப்போட்டுவிட்டால் குழப்பம் இல்லை.

பேச்சு வழக்கு சுருக்கமாக இருக்கும், இடம் மிச்சமாகும் என்று சிலர் காரணம் சொல்வார்கள். இன்ஸ்டாகிராமில் அறிமுகக் குறிப்புக்கு 150 குறிகள்தான் இடம் என்பதால் அதையும் சரிபார்த்துவிடலாம். கணினிக் குறியீட்டில் "கி" என்பது ஓர் எழுத்தல்ல. ககரம் ஒன்று, அதன் மேல் உள்ள கொக்கி ஒன்று என இரண்டு குறிகள். மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக்குறியே. அப்படி எண்ணினால் "செய்கிறேன்" 10 குறி, "செய்றேன்" 8 குறி. "சொல்லிக்கொடுக்கிறேன்" என்பதும் "சொல்லிக்கொடுக்குறேன்" என்பதும் இரண்டுமே 20. நான்கு வரிக் குறிப்பில் மிச்சமாவது சில குறிகள் மட்டுமே என்பதால், இடத்தைக் காரணமாகக் காட்டி வழக்கை மாற்ற வேண்டியதில்லை. இடம் பிடிப்பவை "துறையில் பணியாற்றி வரும்" போன்ற தொடர்கள்.

ஐந்தாம் படி: எந்த ஊர்ப் பேச்சு என்று பார்த்தல்

எழுத்து வழக்கு எழுதுபவரின் ஊரை மறைத்துவிடும். பேச்சு வழக்கு ஊரையும், சில சமயம் சாதியையும்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். "தைத்துக்கொண்டு இருக்கிறேன்" என்பதில் எதுவும் தெரியாது. அதையே "தைச்சுக்கிட்டு இருக்கேன்" என்று எழுதினால் ஒரு பெரும்பான்மைப் பேச்சும், "தைச்சுண்டு இருக்கேன்" என்று எழுதினால் பிராமணர் பேச்சும் கேட்கும். நெல்லைப் பக்கத்தில் "தைக்கேன்" என்பதும் "சொல்லுதேன்" என்பதும் இயல்பு. யாழ்ப்பாணத்தில் "தைக்கிறன்" என்பார்கள், அழைக்கும்போது "வாங்கோ" என்பார்கள்.

வாசகர் எல்லோரும் ஒரே வட்டாரத்தவர் என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த வட்டாரச் சொல்லைத் துணிந்து எழுதலாம். அதன் இனிமை பொதுப் பேச்சுக்குக் கிடைக்காது. வாசகர் கலந்திருந்தால், வானொலியும் தொலைக்காட்சியும் பரப்பியுள்ள பொதுப் பேச்சுத் தமிழோடு நின்றுகொள்வதே பாதுகாப்பு. தமிழ்நாட்டவரும் ஈழத்தவரும் சேர்ந்து படிக்கும் இடமாக இருந்தால், அழைப்பு வரியையும் எழுத்து வழக்குக்கே மாற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து. காரணம் உச்சரிப்பு மட்டுமல்ல, பொருளே மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் "போன்ல பேசுங்க" என்பது சாதாரண அழைப்பு. இலங்கைப் பேச்சில் உரையாடுவதற்குரிய சொல் "கதைப்பது". "பேசுவது" என்பதற்குத் திட்டுவது என்ற பொருள் முன்னால் வந்து நிற்கும். "தொலைபேசியில் அழையுங்கள்" என்று எழுதினால் இரு கரையிலும் ஒரே பொருள்தான்.

வட்டாரப் பேச்சைத் தேர்ந்தவர் அதைத் தம் வாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். கொங்கு வாசகருக்காக வேற்றூர்க்காரர் ஒருவர் வரிக்கு வரி "ங்க" சேர்த்து எழுதுவதை அவ்வூரார் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆறாம் படி: வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தல்

எழுதி முடித்த குறிப்பை, வாசகரைப் போன்ற ஒருவரிடம் கொடுத்து மற்றொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். படிக்கச் சொல்ல வேண்டாம், செய்தியைச் சொல்லச் சொல்லுங்கள். தமிழர் எழுத்து வழக்கைப் படித்துவிட்டுச் சொல்லும்போது தாமாகவே பேச்சுக்கு மாற்றிச் சொல்வார்கள்: "அவங்க ஜாக்கெட் தைக்கிறாங்களாம், தையலும் சொல்லிக்குடுக்குறாங்களாம்." விகுதி மட்டும் மாறி, சொற்கள் அப்படியே வந்தால் குறிப்பு சரியான உயரத்தில் இருக்கிறது என்று பொருள். சொற்களையும் மாற்றிக்கொண்டால், உதாரணமாக "ஆடை வடிவமைப்புத் துறை" என்பதைப் படித்துவிட்டு "ஏதோ டெய்லராம்" என்று சொன்னால், குறிப்பு உயரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்த "ஏதோ" என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர் இழந்த தகவல் அதில்தான் இருக்கிறது.

பேச்சில் எழுதிய வரிக்குச் சோதனை வேறு. அதை முதல் முறை படிப்பவர் எங்காவது நின்று, திரும்பச் சென்று படித்தால், அந்த இடத்தில் எழுத்துக்கூட்டல் ஏதோ ஒரு சொல்லோடு மோதுகிறது. அந்தச் சொல்லை மட்டும் எழுத்து உருவத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இந்தச் சோதனையை அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரரிடம் செய்து பார்த்தோம். அம்மாவின் வரைவைப் படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இது யாரப் பத்தி?" என்பது. மகளின் வரைவைப் படித்துவிட்டுக் கேட்டது, "பாப்பாவே தைக்குதா?" என்பது. மகளின் குரலில் எழுதிய வரியில் மகள்தான் தெரிந்தாள். 12 வருடம் தைத்தவரின் நிதானம் தெரியவில்லை. பேச்சு வழக்கு பேசுபவரின் வயதையும் கூடவே கொண்டுவரும் என்பதை நான் அன்றுதான் கண்கூடாகப் பார்த்தேன். ஆகவே பேச்சு வரியை வேறொருவர் எழுதிக்கொடுத்தால், உரியவர் அதைத் தம் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்து, தாம் சொல்லும்படியே மாற்றிக்கொள்ள வேண்டும். "வணக்கம் மக்களே" என்பதை அம்மாவால் சிரிக்காமல் சொல்ல முடியவில்லை. அந்த இடத்திலேயே அது போயிற்று.

கடைசியில் நின்றது இது:

"12 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். ஆரி வேலையும் செய்கிறேன். தையலும் சொல்லிக்கொடுக்கிறேன். அளவு ஜாக்கெட் இருந்தா எடுத்துட்டு வாங்க."

இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 127 குறிகள். முதல் மூன்று வாக்கியங்களும் எழுத்து விகுதியில் முடிகின்றன. அவற்றில் உள்ள சொற்கள் ஒவ்வொன்றும் அவர் வாடிக்கையாளரிடம் சொல்பவை. நான்காவது, வாசலுக்கு வருபவரிடம் அவர் நாள்தோறும் சொல்லும் வாக்கியம். "தலைசிறந்த" போய்விட்டது என்று அம்மாவுக்குச் சிறிது வருத்தம்தான். வீட்டு வாசலில் மாட்டும் பலகைக்கு வேறு வரி வேண்டும் என்று கேட்டார். அதில் அழைப்பு வரியை நீக்கி, "ஜாக்கெட் தைத்துத் தரப்படும். தையல் சொல்லித் தரப்படும்." என்று பலகைக்குரிய முடிவோடு எழுதிக்கொடுத்தேன்.